வெயில் வந்ததும் அதே பிபி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அம்மாவை ஆளையே சாய்க்கின்றன. ஏன்?

நீலமலர்

அம்மாவுக்கு 74 வயது. பல வருடமாக பிபி இருக்கிறது. காலையில் டெல்மிசார்டன் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, கூடவே அம்லோடிபின் 5 மி.கி. இரவில் படுக்கப் போகும்போது குளோனசெபாம் 0.5 மி.கி. இவற்றில் எதுவும் சமீபத்தில் மாறவில்லை. நானே எடுத்துக் கொடுப்பதால் தவறுதலாக இரண்டு தடவை சாப்பிட்டிருக்கவும் வழியில்லை.

வெயில் உச்சத்துக்கு வந்ததிலிருந்து ஆள் மாறிவிட்டார். காலை பத்து மணி வரைக்கும் கண் சொக்குகிறது. பேச்சு லேசாகக் குழறுகிறது. எழுந்து நின்றால் எதையாவது பிடித்துக்கொள்கிறார். முந்தாநாள் இரவு சிறுநீர் கழிக்க எழுந்தவர், கட்டிலை ஒட்டி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தலையில் அடி இல்லை. நேற்று கிளினிக்கில் உட்கார வைத்து பிபி பார்த்தார்கள், 126/76. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதே மாத்திரை, அதே அளவு. வெயில் வந்ததும் மட்டும் இரட்டை டோஸ் போட்டது போல ஏன் ஆகிறது? இதில் குற்றவாளி பிபி மாத்திரையா, தூக்க மாத்திரையா?

பகலவன்77

ரொம்ப எளிமையான விஷயம் இது. வியர்வையில் தண்ணீர் போய்விடுகிறது, ரத்தம் கெட்டியாகிறது, அதில் இருக்கிற மருந்தின் செறிவு ஏறுகிறது. இரண்டு மாத்திரையும் இப்போது அதிக டோஸ் மாதிரிதான் வேலை செய்யும்.

ஹைட்ரோகுளோரோதயசைடு தண்ணீரை வெளியே தள்ளுகிற மாத்திரை. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடிக்க வையுங்கள். கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு அப்படியே நின்றால் நீரிழப்பு. சிறுநீர் மஞ்சளாக இருந்தாலும் அதேதான். என் மாமியாருக்கு இப்படித்தான் சரி செய்தோம்.

மாத்திரைப்பெட்டி

நான் மருத்துவமனையில் முதியோர் வார்டு மருந்தாளுநராக வேலை செய்கிறேன். பகலவன் சார் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

நீலமலர், பேச்சு குழறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை மட்டும் தூக்க முடியாமல் விழுந்தாலோ, குழறல் திடீரென்று ஆரம்பித்திருந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்படி இருந்தால் இந்த இழையைப் படிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடம்பு அனலாகச் சுட்டு, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசினாலும் அப்படியே. அது வெப்பத்தாக்கம், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

அது எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மருந்தின் செறிவு ஏறுவதால்தான் இப்படி ஆகிறது என்பது சில மருந்துகளுக்கு உண்மை. சிறுநீரகம் வழியாக வெளியேறும் லித்தியம், பிரீகாபாலின் மாதிரியானவை நீரிழப்பில் உடம்பில் தேங்கும். அம்மா சாப்பிடும் குளோனசெபாம் அப்படி இல்லை, அதை உடைப்பது கல்லீரல். டெல்மிசார்டனும் பெரும்பாலும் பித்தம் வழியாகத்தான் போகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு அநேகமாக அதேதான் இருக்கும், அந்த மருந்து வேலை செய்கிற உடம்புதான் மாறியிருக்கிறது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் குறையாமல் இருக்க, நொடிகளுக்குள் ரத்தக்குழாய்கள் சுருங்க வேண்டும், இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்க வேண்டும். வயதானால் இந்த எதிர்வினையே மந்தமாகிவிடும். வெயிலில் உடம்பு சூட்டைத் தணிப்பதற்காகத் தோலின் ரத்தக்குழாய்கள் ஏற்கனவே விரிந்து கிடக்கின்றன. அம்லோடிபின் குழாய்களைச் சுருங்க விடாது. ஹைட்ரோகுளோரோதயசைடு, உடம்பில் உப்பு குறைவாக இருக்கும் நாளிலும் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

டெல்மிசார்டன் விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. உடம்பில் நீர் குறைந்தால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ஏறி, குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். டெல்மிசார்டன் தடுப்பது அதே ஹார்மோனைத்தான். தண்ணீரும் உப்பும் போதுமான அளவு இருக்கும் உடம்பில் அந்த ஹார்மோனுக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் தடுத்தாலும் பிபி கொஞ்சம்தான் இறங்கும். வறண்ட உடம்பில் பிபியே அதை நம்பித்தான் நிற்கிறது. அப்போது தடுத்தால் சரசரவென்று இறங்கும். அதே 40 மி.கி. வேறு மாதிரி அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

உட்கார்ந்து பார்த்த 126/76 இதைக் காட்டாது. வீட்டில் பிபி கருவி இருந்தால் இப்படிப் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்துவிட்டு பிபியும் நாடியும் எடுங்கள். பிறகு எழுந்து நிற்க வைத்து, ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார வையுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அது இயல்பு இல்லை.

கூடவே எடை பாருங்கள். வெயிலுக்கு முன் எடுத்த எடை ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அப்புறம் முக்கியமாக, மருத்துவர் எழுதாத எந்த மாத்திரையையும் அம்மா போடுகிறாரா என்று கேளுங்கள். மூட்டு வலிக்கு, சளிக்கு, அரிப்புக்கு, எதுவாக இருந்தாலும்.

தண்ணீரை நான்கைந்து லிட்டர் என்று ஏற்றாதீர்கள். காரணத்தை அளவுகள் வந்த பிறகு சொல்கிறேன்.

ஓய்வுவாத்தியார்

எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெயிலில் மாத்திரை கெட்டுப்போகும். அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று போட்டிருப்பார்கள். நான் என்னுடையவற்றை அலமாரியின் அடித்தட்டில்தான் வைக்கிறேன். அம்மாவின் மாத்திரைகளை எங்கே வைக்கிறீர்கள்?

மாத்திரைப்பெட்டி

ஐயா, அப்படி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சூட்டில் கெட்ட மாத்திரைக்குப் பொதுவாக வீரியம் குறையுமே தவிர ஏறாது. இங்கே பிரச்சினை மருந்து அதிகமாக அடிப்பது. வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் போன்ற பட்டை விதிவிலக்கு. தோல் சூடானால் அதிலிருந்து மருந்து வேகமாக உள்ளே போகும், ஆள் மயக்கத்துக்கே போய்விடலாம்.

நீலமலர்

முகக் கோணல் இல்லை, கைகள் இரண்டும் ஒரே மாதிரி தூக்குகிறார். காய்ச்சலும் இல்லை. குழறல் காலையில் அதிகம், மதியத்துக்கு மேல் தெளிந்துவிடுகிறது. இப்போது எடுத்த அளவுகள்:

படுத்திருக்கும்போது 128/74, நாடி 84.
நின்று ஒரு நிமிடத்தில் 104/64, நாடி 104.
மூன்றாவது நிமிடத்தில் 98/60, நாடி 108. தலை கிறுகிறுக்கிறது என்றார், உட்கார வைத்துவிட்டேன்.

எடை இன்று 50.2 கிலோ. வெயிலுக்கு முன்பு கிளினிக் சீட்டில் 52 என்று இருக்கிறது. தோலைக் கிள்ளிப் பார்த்தேன், மடிப்பு நிற்கத்தான் செய்கிறது. ஆனால் சிறுநீர் வெளிர் நிறம்தான். அதனால் குழம்பிப்போய் நிற்கிறேன்.

நீங்கள் கேட்ட மாதிரி விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. வியர்க்குரு அரிப்புக்காகப் பெரியம்மா கொடுத்த மாத்திரையை இரவில் போடுகிறாராம். அட்டையைப் பார்த்தேன், ஹைட்ராக்சிசின் 25 மி.கி. அரிப்பு நின்று நன்றாகத் தூக்கமும் வருகிறது என்கிறார். மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.

மாத்திரைப்பெட்டி

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மேல் எண் 30 இறங்கியிருக்கிறது. கூடவே நாடி 24 ஏறியிருக்கிறது. இதயம் தன்னால் முடிந்த அளவு ஓடிப் பார்த்தும் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். நரம்புக் கோளாறால் பிபி இறங்குகிறவர்களுக்கு நாடி இப்படி ஏறாது. எடையும் குறைந்திருக்கிறது. சில வாரங்களில் குறைந்ததில் கொஞ்சம் சாப்பாடு குறைந்ததாலும் இருக்கலாம், ஆனாலும் இந்த நாடியோடு சேர்த்துப் பார்த்தால் நீரும் உப்பும் குறைந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தோல் கிள்ளுவதை முதியவர்களிடம் நம்ப முடியாது. 74 வயதில் தோலின் இழுவிசை போயிருக்கும், நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கும் மடிப்பு நிற்கும். சிறுநீர் நிறமும் அப்படித்தான். வயதான சிறுநீரகத்தால் சிறுநீரை முன்போலக் கெட்டியாக்க முடியாது, அதோடு இவர் சிறுநீர் பெருக்கி மாத்திரை போடுகிறார். உடம்பு வறண்டிருக்கும்போதும் வெளிர் நிறமாகவே போகும். தாகத்தையும் நம்பாதீர்கள். இந்த வயதில் தாக உணர்வு தாமதமாகத்தான் வரும், தாகமே இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இப்போது ஹைட்ராக்சிசின். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அரிப்பு மாத்திரை என்ற பெயரில் இருந்தாலும் இது நல்ல தூக்க மருந்து. முதியவர்கள் உடம்பில் பாதி அளவு குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். குளோனசெபாமுக்கும் ஏறக்குறைய முப்பது நாற்பது மணி நேரம். இரவில் போட்டது காலையில் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம், உண்மையில் முந்தின நாள் இரவின் மிச்சத்தின் மேல்தான் ஒவ்வொரு இரவும் புதிதாகப் போடுகிறார். இன்னொரு சிக்கல், ஹைட்ராக்சிசின் வியர்ப்பதையும் குறைக்கும். வியர்க்குருவுக்காகப் போட்ட மாத்திரை, உடம்பு சூட்டை வெளியேற்றும் வழியையே கொஞ்சம் அடைக்கிறது.

குற்றவாளி யார் என்று கேட்டீர்கள். என் கணிப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன. எழுந்ததும் பிபி இறங்குகிறது, அது பிபி மாத்திரையும் வெயிலும் செய்வது. தெளிவாக இருக்கும் ஆள் தலை கிறுகிறுத்தால் டக்கென்று உட்கார்ந்துவிடுவார், கால் இடறினால் அடுத்த அடியை மாற்றி வைத்துச் சமாளிப்பார். தூக்க மருந்து அந்த எச்சரிக்கையையும் மந்தமாக்குகிறது, அந்த மாற்று அடியையும் தாமதமாக்குகிறது. அப்புறம் பத்து மணி வரை தூங்குகிறவர் காலையில் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடிப்பதில்லை. அதனால் மறுநாள் இன்னும் வறட்சி, பிபி இன்னும் இறக்கம்.

இனி தண்ணீர். தயசைடு மாத்திரை போடும் ஒல்லியான வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைவது அடிக்கடி நடப்பது. வியர்வையில் உப்பு போகிறது, மாத்திரையும் உப்பைத் தள்ளுகிறது, அந்த நிலையில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் சோடியம் இன்னும் நீர்த்துப் போகும். அதன் அறிகுறி என்ன தெரியுமா? சோர்வு, தள்ளாட்டம், குழறல், குழப்பம். இப்போது அம்மாவுக்கு இருக்கும் அதே அறிகுறிகள். தண்ணீர் போதவில்லையா, சோடியம் போதவில்லையா, இரண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

அதனால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்தப் படுத்த, நின்ற அளவுகளையும் ஹைட்ராக்சிசின் அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹைட்ராக்சிசினை இன்று இரவு கொடுக்க வேண்டாம். பிபி மாத்திரையில் எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். குளோனசெபாமை மட்டும் திடீரென்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் போட்டவருக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

தாழை

என் கணவருக்கு 80. இதயம் பலவீனம் என்று ஃபுரோசமைடு 40, மெட்டோபிரோலால் 50 போடுகிறார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வெயிலில் என்ன செய்வது என்றே புரியவில்லை. குடித்தால் கால் வீங்கி மூச்சு வாங்குமோ என்று பயம், குடிக்காவிட்டால் இந்த மாதிரி விழுவாரோ என்று பயம். நானும் படுக்க வைத்து நிற்க வைத்துப் பார்த்தேன், 118 லிருந்து 96 ஆனது. நாடி 62 லிருந்து 65 தான் ஆனது. நாடி ஏறவில்லை என்றால் நீரிழப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாத்திரைப்பெட்டி

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது அம்மா. மெட்டோபிரோலால் நாடியைக் கட்டிப் போடும் மருந்து. உடம்பு வறண்டிருந்தாலும் நாடி ஏற விடாது. நீலமலர் வீட்டில் நாடி ஒரு துப்புக் கொடுத்தது, உங்கள் வீட்டில் கொடுக்காது.

உங்களுக்கு உதவுவது எடைதான். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஓரிரு நாளில் ஏறுவதும் இறங்குவதும் கொழுப்பு இல்லை, தண்ணீர்தான். ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். எடை ஏறிக் கால் வீங்கினால் தண்ணீர் தேங்குகிறது. எடை இறங்கி, நின்றால் பிபியும் இறங்கினால் ஃபுரோசமைடு இந்த வெயிலுக்கு அதிகம். ஒன்றரை லிட்டர் என்பது குளிர்ந்த நாளில் போட்ட கணக்கு. வெயிலில் அது மாறலாம், ஆனால் எவ்வளவு என்பதை அவருடைய இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த 22 இறக்கத்தைச் சொல்லி இந்த வாரமே கேளுங்கள், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கார்முகில்

நான் பொது மருத்துவர். மாத்திரைப்பெட்டி எழுதியதில் பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் வெயில் வந்ததும் பிபி மாத்திரையைக் குறைத்துவிடுவார்களோ என்று எனக்குக் கவலை. கோடையில் பிபி சராசரியாக மேல் எண்ணில் ஐந்து அளவுக்குத்தான் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. மருந்தை நிறுத்தி, குளிர்காலத்தில் திரும்ப ஆரம்பிக்க மறந்து, பக்கவாதத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் குறைப்பது எப்போது என்றால், மேல் எண் 110 க்குக் கீழே போய்த் தலைசுற்றலும் இருந்தால், அல்லது நிற்கும்போது இந்த அம்மாவுக்குப் போல இறங்கினால். வெறும் காலண்டரைப் பார்த்துக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாத்திரைப்பெட்டி

டாக்டர், எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் போன வெயிலில் விழுந்த ஒருவருக்கு, இந்த வெயிலிலும் விழும் வரை காத்திருக்க வேண்டுமா? 75 தாண்டி, சிறுநீர் பெருக்கியும் தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவருக்கு வெயிலுக்கு முன்பே ஒரு திட்டம் எழுதி வைக்கலாம் என்பது என் கருத்து. எந்த மாத்திரையை, எந்த எண் வந்தால், யாரிடம் கேட்டு நிறுத்துவது, எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று.

கார்முகில்

எழுதி வைப்பது சரி. ஆனால் அப்படி எழுதிக் கொடுத்ததால் விழுவது குறைந்தது என்று காட்ட உறுதியான ஆதாரம் இல்லை. வீட்டில் அந்தத் தாளைத் தப்பாகப் படித்து எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களும் உண்டு. வெயில் தொடங்கியதும் ஒரு தடவை நேரில் வரவழைத்து, நிற்க வைத்து பிபி பார்ப்பதையே நான் விரும்புவேன்.

அல்லி

நடுவில் ஒரு கேள்வி. அப்பாவுக்கு மறதி நோய். இரவில் எழுந்து நடமாடுகிறார் என்று க்யூட்டியாபின் 25 கொடுத்திருக்கிறார்கள். பிபிக்கு அம்லோடிபின் மட்டும்தான், சிறுநீர் மாத்திரை இல்லை. ஆனால் வெயில் தொடங்கியதிலிருந்து அதே தள்ளாட்டம். க்யூட்டியாபின் தூக்க மாத்திரைக் கணக்கிலா, வேறா? அப்பாவிடம் தலை சுற்றுகிறதா என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

மாத்திரைப்பெட்டி

க்யூட்டியாபின் ஒரே மாத்திரையில் இரண்டு வேலையும் செய்யும். தூக்கத்தையும் கொடுக்கும், ரத்தக்குழாய் சுருங்குவதையும் தடுக்கும். சிறுநீர் மாத்திரை இல்லாமலே நின்றால் பிபி இறங்குவதற்கு இதுவே போதும். உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டையும் இந்த வகை மருந்துகள் கெடுக்கும்.

அவர் சொல்ல மாட்டார் என்பதால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். எழுந்து நின்றதும் முகம் வெளுக்கிறதா, முழங்கால் மடங்குகிறதா, கண் ஒரே இடத்தில் நிலைகுத்துகிறதா, நாற்காலியைப் பிடித்தபடி நகராமல் நிற்கிறாரா. மறதி நோய் உள்ளவர்களிடம் இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். படுத்து, நின்று எடுத்த அளவுகளோடு மருந்து எழுதியவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தண்ணீரை வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். கையில் கொடுத்துவிடுங்கள். முதியோர் ஊட்டச்சத்துக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல் பெண்களுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் என்கிறது. இதய, சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு அது அடிப்படை, வெயிலில் அதற்கு மேல் கொஞ்சம். ஒரே மூச்சில் இல்லாமல் நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள்.

நீலமலர்

எல்லோருக்கும் நன்றி. அன்றே போனோம். சோடியம் 127, பொட்டாசியம் 4.6, கிரியேட்டினின் 1.4. முன்பு கிரியேட்டினின் 0.9 தான் இருந்தது. பார்த்ததும் வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். சலைன் மெதுவாகத்தான் ஏற்றினார்கள், நடுவில் பல தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன், சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்கும் என்றார்கள்.

அந்தக் கூட்டு மாத்திரையையும் ஹைட்ராக்சிசினையும் நிறுத்திவிட்டார்கள். அம்லோடிபின் மட்டும் தொடர்கிறது, குளோனசெபாம் அதே அளவு. வீட்டுக்கு வரும்போது சோடியம் 134, கிரியேட்டினின் 1.0. பேச்சு தெளிந்துவிட்டது, காலையில் ஏழு மணிக்கெல்லாம் தானாக எழுகிறார். இன்று படுத்து 142/80, நின்று மூன்றாவது நிமிடம் 134/78.

டெல்மிசார்டனைத் தனி மாத்திரையாக அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு திரும்பத் தொடங்கலாமாம். தயசைடு வகை இனி வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார்கள். குளோனசெபாமைக் குறைக்கலாம், ஆனால் அவசரமில்லை என்றார்கள். எனக்குத்தான் அவசரமாக இருக்கிறது. இப்போதே ஆரம்பிக்கலாமா?

பகலவன்77

தேறியது சந்தோஷம். நான் சொன்ன மாதிரி தண்ணீரை மட்டும் ஏற்றியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். உப்புக் கரைசல், அதாவது ஓஆர்எஸ் கொடுத்திருந்தால் வீட்டிலேயே சரியாகியிருக்காதா?

கார்முகில்

127 உம் குழறலும் இருக்கும்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தவிர, உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75 அலகுதான், ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. வயிற்றுப்போக்கில் இழந்ததை நிரப்புவதற்காகச் செய்தது அது. வெயிலில் லேசாக வாடியவருக்கு வெறும் தண்ணீரைவிட நல்லது, அவ்வளவுதான். பிபியும் இதய பலவீனமும் இருப்பவர்கள் தினமும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதற்கு இல்லை.

குளோனசெபாம் பற்றி: 65 வயதுக்கு மேல் இந்த வகை மாத்திரைகளைக் கூடிய வரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் 2023 பதிப்பிலும் சொல்கிறது. குறைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வெயிலில் ஆரம்பிக்க மாட்டேன். குறைக்கும்போது தூக்கம் கெடும், படபடப்பும் வியர்வையும் வரும். புழுக்கமான இரவில் தூக்கமில்லாமல் எழுந்து நடமாடுவதும் விழுவதற்கு வழிதான். சோடியம் நிலைக்கட்டும், வெயில் தணியட்டும்.

மாத்திரைப்பெட்டி

இதில் நான் கொஞ்சம் வேறு பக்கம். ஆபத்து இருக்கிற காலத்தில்தான் குறைப்பதற்கும் பலன். அடுத்த பரிசோதனையில் சோடியம் நன்றாக இருந்தால், 0.5 லிருந்து சிறு படியாகத் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வாரம் நின்று பார்க்கலாம் என்று கேட்டுப் பார்ப்பேன். மாதக்கணக்கில் ஆகும் வேலை என்பதால், வெயில் தணியட்டும் என்று தள்ளினால் அப்படியே மறந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். முடிவு உங்கள் மருத்துவர் கையில். நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்வது ஒன்றில்தான், ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

நீலமலர்

சரி, இரண்டு பக்கத்தையும் அவரிடம் சொல்லிக் கேட்கிறேன். அப்புறம் அம்மா இன்னும் இரவில் இரண்டு தடவையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார். சிறுநீர் மாத்திரை நிறுத்தியும் ஏன்? அந்த நேரத்துக்கு என்ன செய்வது?

மாத்திரைப்பெட்டி

அம்லோடிபினால் பகலில் காலில் லேசாக நீர் கோக்கும், வெயிலில் இன்னும் கூடும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராகப் போகும். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், அந்தச் சிறுநீர் படுக்கைக்கு முன்பே போய்விடும். குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிடுங்கள், ஆனால் இரவில் குடிக்கவே கூடாது என்று தடுக்காதீர்கள்.

எழும்போது சட்டென்று நிற்க விடாமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். அந்த நேரத்தில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், தசை அழுத்தி ரத்தம் மேலே ஏறும். குளோனசெபாம் தொடரும் வரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே சிறுநீர்ப் பாத்திரம் அல்லது கழிப்பறை நாற்காலி வைத்துவிடுவது நல்லது. விளக்குச் சுவிட்ச் அவர் படுத்தபடியே கைக்கு எட்ட வேண்டும்.

அப்புறம் அந்த வியர்க்குருவுக்கு வழி பண்ணுங்கள். இல்லையென்றால் பெரியம்மா வேறொரு அட்டையோடு வருவார். குளிர்ந்த ஈரத்துணி, தளர்வான பருத்தி உடை, தேவைப்பட்டால் காலமைன். தூக்கம் வராத அரிப்பு மாத்திரை வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டால், சிறுநீரக அளவைப் பார்த்து எழுதித் தருவார்.